ஹார்லிக்ஸ் என்ற பெயருக்கு எத்தனை கோடி?

2018 டிசம்பர் 3ஆம் தேதி, ஜிஎஸ்கே கன்ஸ்யூமர் ஹெல்த்கேர் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப் போவதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. ஹார்லிக்ஸ், பூஸ்ட், மால்டோவா, விவா ஆகிய பானங்களை விற்றுவந்த நிறுவனம் அது. அன்று சொல்லப்பட்ட விலை 31,700 கோடி ரூபாய். இந்த விலை பணமாகக் கைமாறவில்லை. ஜிஎஸ்கே நிறுவனத்தின் ஒவ்வொரு பங்குக்கும் யூனிலீவரின் 4.39 பங்குகள் தரப்படும் என்பதுதான் ஏற்பாடு. அனுமதிகள் எல்லாம் கிடைத்து இணைப்பு நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் 1ஆம் தேதி. அப்போது யூனிலீவரின் கணக்கில் ஏறிய விலை சுமார் 40,200 கோடி.

ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மாறவில்லை, 4.39 என்ற விகிதமும் மாறவில்லை. இடைப்பட்ட பதினாறு மாதங்களில் யூனிலீவர் பங்கின் சந்தை விலை ஏறியிருந்தது. ஒரு நிறுவனத்தை வாங்கியதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைப் பேச்சு முடிந்த நாளில் கணக்கிடக் கூடாது. அந்த நிறுவனத்தின் கட்டுப்பாடு கைக்கு வந்த நாளில்தான் கணக்கிட வேண்டும். இந்தியக் கணக்கீட்டுத் தரநிலை 103 சொல்லும் விதி இது. ஆகவே பேரம் பேசியவர்கள் யாரும் நினைத்திராத எட்டாயிரத்துச் சொச்சம் கோடி கூடுதல் விலையாகக் கணக்கில் வந்து சேர்ந்தது. அந்தத் தொகையும் ஏதாவது ஒரு சொத்தின் பெயரில் உட்கார்ந்தாக வேண்டும்.

எந்தச் சொத்தின் பெயரில் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். வாங்கிய விலையை வாங்கிய சொத்துகளுக்குப் பிரித்து எழுதும் வேலையைக் கொள்முதல் விலைப் பகிர்வு என்பார்கள். அது சரியாக நடந்ததா என்று பார்ப்பது தணிக்கையில் மிகக் கடினமான பகுதிகளில் ஒன்று. ஏனென்றால் ஆடிட்டர் கிடங்குக்குப் போய் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருள்கள் இங்கே குறைவு. ஹார்லிக்ஸ் விற்ற நிறுவனத்துக்கு ஆலைகள் இருந்தன, கையிருப்புப் பணம் இருந்தது, சரக்கு இருந்தது. எல்லாவற்றையும் கூட்டினாலும் சில ஆயிரம் கோடிதான் தேறும். மீதியெல்லாம் மக்கள் மனத்தில் இருக்கும் ஒரு பெயருக்கும், அந்தப் பெயரால் இனி வரப்போகும் லாபத்துக்கும் கொடுத்த விலை.

நன்றாக ஓடும் மளிகைக் கடையைக் கைமாற்றி விடுகிறவர், சரக்குக்கும் அலமாரிக்கும் ஒரு விலை சொல்லிவிட்டு, கடையின் பேருக்கென்று தனியாக ஒரு தொகை கேட்பார். வாங்குகிறவரும் பேசிக் குறைத்துக் கொடுப்பார். பெரிய நிறுவனங்கள் செய்வதும் அதுதான். ஆனால் சட்டம் அவர்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறது. பேருக்குக் கொடுத்ததை மொத்தமாக ஒரே தொகையாக எழுதிவிட முடியாது. தனியாக விற்கக்கூடியது எது, ஒப்பந்தத்தாலோ சட்டத்தாலோ உரிமை பெற்றது எது என்று பிரித்தெடுக்க வேண்டும். வணிகப் பெயர், காப்புரிமை, வாடிக்கையாளர் உறவு, மென்பொருள், விநியோக ஒப்பந்தம் என ஒவ்வொன்றுக்கும் அந்த நாளின் நியாய மதிப்பைப் போட வேண்டும். இப்படிப் பிரித்தது போக எதற்கும் பொருந்தாமல் மிஞ்சுவதுதான் குட்வில். பயிற்சி பெற்ற தொழிலாளர் படை எவ்வளவு மதிப்புள்ளதாக இருந்தாலும், அதைத் தனிச் சொத்தாக எழுதத் தரநிலை அனுமதிப்பதில்லை. அதுவும் குட்வில்லுக்குள்தான் போகும்.

யூனிலீவர் கணக்கில் இந்தப் பகிர்வு எப்படி அமைந்தது என்று பார்ப்போம். குட்வில் சுமார் 17,300 கோடி. பெரும்பாலும் வணிகப் பெயர்களால் ஆன புலனாகாச் சொத்துகள் 27,000 கோடிக்கு மேல். ஹார்லிக்ஸ் என்ற பெயரின் இந்திய உரிமை ஜிஎஸ்கே தாய்க் குழுமத்திடம் இருந்ததால், அதற்கென்று தனியாகப் பணமாகக் கொடுத்த சுமார் 3,000 கோடியும் இதில் அடக்கம்.

கூட்டிப் பார்க்கிறவருக்கு இங்கே ஒரு முடிச்சு தட்டுப்படும். பங்குகளாகக் கொடுத்த 40,200 கோடியையும் பணமாகக் கொடுத்த 3,000 கோடியையும் சேர்த்தால் 43,000 கோடிச் சொச்சம். பெயர்களும் குட்வில்லும் மட்டுமே 44,000 கோடியைத் தாண்டுகின்றன. ஆலை, பணம், சரக்கெல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. பிறகு எப்படிச் சமமானது?

விடை வரியில் இருக்கிறது. பெயரின் மதிப்பைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பங்கு மாற்றி நடந்த இணைப்பில் எழுதிக்கொண்ட அந்த மதிப்பை வருமானவரித் துறை தேய்மானத்துக்கு ஏற்காது. புத்தகத்தில் 100 ரூபாய், வரிக்கணக்கில் சுழியம். இந்த வித்தியாசத்துக்கு, சுமார் 25 சதவீத வரி விகிதத்தில், 25 ரூபாயை ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பாக எழுதியாக வேண்டும். ஒரு பொறுப்பு 25 ரூபாய் கூடினால் நிகரச் சொத்து 25 ரூபாய் குறையும். விலை மாறாததால் மிஞ்சும் தொகையான குட்வில் அதே 25 ரூபாய் ஏறும். இணைப்புக்குப் பிந்தைய யூனிலீவரின் இருப்புநிலைக் குறிப்பில் முந்தைய ஆண்டு இல்லாத, ஏறக்குறைய 6,000 கோடி வரிப் பொறுப்பு தோன்றியது இப்படித்தான். அதற்கு ஈடான தொகை குட்வில்லுக்குள் இருக்கிறது. அந்தப் பகுதி எதிர்கால லாபத்துக்குக் கொடுத்த விலை அல்ல, கணக்கீட்டு விதி உண்டாக்கிய எடை. வாசகர் ஒருவர் ஆண்டறிக்கையில் குட்வில் தொகையைப் பார்த்து, இவ்வளவு அதிகமாகக் கொடுத்துவிட்டார்களே என்று முடிவுக்கு வருமுன் இந்த ஒரு வரியைக் கழித்துப் பார்ப்பது நல்லது.

இந்தப் பகிர்வில் ஆடிட்டர் ஏன் இவ்வளவு கவனம் வைக்க வேண்டும்? எப்படிப் பிரித்தாலும் மொத்தம் ஒன்றுதானே? மொத்தம் ஒன்றுதான். ஆனால் அடுத்த பல ஆண்டுகளின் லாபம் ஒன்றல்ல. ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்க்கலாம். 1,000 கோடிக்கு வாங்கப்பட்ட ஓர் உணவுப்பொருள் நிறுவனம். ஆண்டுக்கு வரிக்கு முன் 80 கோடி லாபம் தருகிறது. அதன் வணிகப் பெயருக்கு 300 கோடி என்று போட்டு, பத்தாண்டு ஆயுள் என்றால், ஆண்டுதோறும் 30 கோடி தேய்மானமாக லாபத்திலிருந்து கழியும். அதே 300 கோடியைக் குட்வில் என்று எழுதினால் ஒரு ரூபாயும் கழியாது. இந்தத் தரநிலைகளின்படி குட்வில்லுக்குத் தேய்மானம் கிடையாது. ஆண்டுக்கொரு முறை மதிப்பிழப்புச் சோதனை மட்டும்தான். பெயர் என்றே எழுதி, அதன் ஆயுளுக்கு எல்லை தெரியவில்லை என்று சொன்னாலும் தேய்மானம் இல்லை. ஆகவே லாபத்தைக் குறையாமல் காட்ட விரும்பும் நிர்வாகத்துக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, தொகையைக் குட்வில்லுக்குத் தள்ளுவது. மற்றொன்று, ஆயுளை எல்லையற்றதாக்குவது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத நிர்வாகமும் இந்தப் பக்கம்தான் சாயும்.

இந்தக் கணக்கை நிறுவனமே போடுவது அரிது. மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்துவார்கள். அவர் நூறு பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை தருவார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது வாங்கிய நிறுவனம்; கணக்குக்குத் தேவையான எதிர்கால விற்பனை, லாப மதிப்பீடுகளைத் தருவதும் அதே நிறுவனம். அறிக்கையின் முதல் சில பக்கங்களிலேயே, இந்த எண்கள் நிர்வாகம் தந்தவை, நாங்கள் சரிபார்க்கவில்லை என்று ஒரு பத்தி இருக்கும். அனுபவமற்ற தணிக்கையாளர்கள் வழுக்கி விழும் இடம் அந்தப் பத்திதான் என்று நினைக்கிறேன். சூத்திரங்களை எல்லாம் சரிபார்த்துவிட்டு, சூத்திரத்துக்குள் போன எண்ணை யாரும் பார்க்காமலேயே கோப்பை மூடிவிடுவார்கள். மதிப்பீட்டு முறைகளை ஆராயத் தங்கள் பக்கத்து நிபுணர் ஒருவரைத் தணிக்கை நிறுவனங்கள் வைத்துக்கொள்வது வழக்கம். நிபுணர் கழிவு விகிதத்தைப் பார்ப்பார். விற்பனை வளர்ச்சியைத் தணிக்கைக் குழு பார்க்கும் என்று அவர் நினைப்பார். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று குழு நினைக்கும். நடுவில் வளர்ச்சி விகிதம் யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடும்.

நல்ல ஆடிட்டர் வேலையை அறிக்கையிலிருந்து தொடங்குவதில்லை. வாங்குவதற்கு முன்பு எழுதப்பட்ட காகிதங்களைக் கேட்பார். இந்த நிறுவனத்தை ஏன் வாங்க வேண்டும் என்று இயக்குநர் குழுவுக்கு வைத்த குறிப்பு, வங்கியாளர்கள் தயாரித்த விலைக் கணக்கு, வாங்குமுன் நடந்த ஆய்வறிக்கை, பங்குச் சந்தைக்குத் தந்த விளக்கம் ஆகியவை அவை. அந்தக் காகிதங்கள் எழுதப்பட்டபோது கணக்குப் பகிர்வைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதனால் அவற்றில் இருப்பது, எதற்காக இந்த விலை கொடுத்தார்கள் என்பதற்கு ஒளிவுமறைவற்ற பதில். இயக்குநர் குழுக் குறிப்பு பத்துப் பக்கம் முழுக்கப் பெயரின் வலிமையைப் பேசிவிட்டு, பகிர்வு அறிக்கை விலையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பெயருக்குத் தந்தால், இரண்டில் ஒன்று தவறு.

இந்த ஒப்பீட்டை எண்ணாகச் செய்யவும் வழி உண்டு. நம் கற்பனை நிறுவனம் 80 கோடி லாபத்துக்கு 25 சதவீத வரி கட்டினால் அடுத்த ஆண்டு கையில் நிற்பது 60 கோடி. அது ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கோடி கொடுத்தவருக்கு முதலாண்டில் 6 சதவீதம் வரவு, அதோடு 5 சதவீத வளர்ச்சி. ஆகக் கூடி அவர் எதிர்பார்க்கும் வருவாய் விகிதம் 11 சதவீதம். இப்படிப்பட்ட தொழிலில் பணம் போடுகிறவர்கள் பொதுவாகக் கேட்கும் விகிதமும், அதாவது மூலதனச் செலவும், 11 சதவீதத்தை ஒட்டி இருந்தால் கணக்கு பொருந்துகிறது. ஆனால் மதிப்பீட்டாளருக்குக் கொடுத்த பட்டியலில் 60 கோடிக்குப் பதில் 75 கோடி இருந்தால் விகிதம் 12.5 சதவீதமாகிவிடும். அப்போது ஆடிட்டர் நிதி அதிகாரியிடம் கேட்பார்: "சார், இந்தக் கூடுதல் 15 கோடி எங்கிருந்து வருது?"

பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "எங்க டிஸ்ட்ரிபியூஷன்ல போட்டா செலவு குறையும் இல்லையா, அதையும் சேர்த்திருக்கோம்." அந்தச் சேமிப்பு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது வாங்கியவருடைய வலைப்பின்னலால் வருவது. வாங்கப்பட்ட பெயரால் வருவதல்ல. நியாய மதிப்பு என்பது சந்தையில் உள்ள எந்த வாங்குபவரும் கொடுக்கக்கூடிய விலை. ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் அனுகூலத்தைப் பெயரின் மதிப்பில் ஏற்றக் கூடாது. அதற்கு விலை கொடுத்திருந்தால் அது குட்வில்லுக்குப் போக வேண்டும். யூனிலீவர் விஷயத்தில் இந்தக் கேள்வி தானாகவே எழக்கூடியது. நாடு முழுக்கக் கடை கடையாகச் சரக்குப் போடும் நிறுவனம் அது. ஹார்லிக்ஸை அந்த வண்டியில் ஏற்றினால் என்ன லாபம் என்பது இணைப்புக்கான காரணங்களில் முக்கியமானது. இந்த இணைப்போடு, ஜிஎஸ்கேயின் ஈனோ, க்ரோசின், சென்சோடைன் முதலிய பொருள்களை யூனிலீவர் தன் வலைப்பின்னலில் விநியோகிப்பதற்கும் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. அது இணைப்பின் பகுதியா, தனியாகப் பேசிய வியாபாரமா, அதற்கென்று ஒரு மதிப்பைப் பிரித்தெழுத வேண்டுமா என்று கேட்பது ஆடிட்டரின் கடமை. பெரிய ஒப்பந்தத்தின் நிழலில் கையெழுத்தாகும் சின்ன ஒப்பந்தங்களைப் படிக்காமல் விடுவது தணிக்கையில் அடிக்கடி நடக்கும் குறை.

அடுத்து பெயரின் மதிப்பு. இதற்கு அதிகம் பயன்படும் முறை எளிமையானது. இந்தப் பெயர் நம்முடையதாக இல்லாமல், வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு ராயல்டி கொடுத்திருப்போம்? சொந்தமாக இருப்பதால் அந்தத் தொகை மிச்சம். மிச்சமாகும் தொகைகளின் இன்றைய மதிப்பே பெயரின் மதிப்பு. நம் நிறுவனத்தில் அடுத்த ஆண்டு இந்தப் பெயரில் விற்பனை 400 கோடி. ராயல்டி 6 சதவீதம் என்றால் 24 கோடி, வரி போக 18 கோடி. அது ஆண்டுக்கு 5 சதவீதம் வளர, 11 சதவீத விகிதத்தில் கழித்தால், 18ஐ 6 சதவீதத்தால் வகுத்து 300 கோடி.

இந்த 6 சதவீதத்தைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ராயல்டி 5 சதவீதம் என்றால் பெயரின் மதிப்பு 250 கோடி. 7 சதவீதம் என்றால் 350 கோடி. ராயல்டியைத் தொடாமல், கழிவு விகிதத்தை மட்டும் 11லிருந்து 12க்கு மாற்றினால் 257 கோடி. ஒரே ஒரு சதவீதம் நாற்பது, ஐம்பது கோடியை இடம் மாற்றிவிடுகிறது. அந்த 6 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஏதோ ஒரு தரவுத்தளத்தில் தேடி எடுத்த பத்துப் பன்னிரண்டு ராயல்டி ஒப்பந்தங்களின் சராசரியாக இருக்கும். ஆடிட்டர் அந்த ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டும். சில வேற்று நாட்டு மதுபானப் பெயருக்கானவையாக இருக்கலாம், சில பெயரோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கொடுத்தவையாக இருக்கலாம், சில தாய் நிறுவனமும் கிளையும் தங்களுக்குள் எழுதிக்கொண்டவையாக இருக்கலாம். அவற்றை நீக்கினால் பன்னிரண்டில் மூன்று மிஞ்சும்; சராசரியும் வேறாகிவிடும். நான் அதிகம் நம்புவது வேறொரு சோதனையை. 24 கோடி ராயல்டி என்பது 80 கோடி லாபத்தில் 30 சதவீதம். பெயரை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர், தன் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெயருக்குக் கொடுப்பாரா? ஆலையும் உழைப்பும் அவருடையவை. பெயர் இல்லாவிட்டால் கடையில் சரக்கு நகராது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் கொடுப்பார் என்றே படுகிறது. அறிக்கை 18 சதவீத ராயல்டி என்று சொன்னால் 72 கோடி போய், ஆலையை நடத்துகிறவருக்கு 8 கோடிதான் மிஞ்சும். எந்த வியாபாரியும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டார்.

எல்லாத் துண்டுகளையும் வைத்து முடித்த பிறகு ஒரு கடைசிப் பொருத்தம் பார்ப்பார்கள். ஒவ்வொரு சொத்துக்கும் அதனதன் ஆபத்துக்கு ஏற்ற வருவாய் விகிதம் உண்டு. வங்கிக் கடனில் வாங்கக்கூடிய சரக்கு போன்றவற்றுக்குக் குறைவு, ஆலைக்குச் சற்றுக் கூட, பெயருக்கு இன்னும் கூட, எதுவும் நிச்சயமில்லாத குட்வில்லுக்கு மிக அதிகம். நம் நிறுவனத்தில் நடைமுறை மூலதனம் 200 கோடிக்கு 7 சதவீதம், ஆலைக்கு 200 கோடி, 9 சதவீதம், பெயருக்கு 300 கோடி, 11 சதவீதம், மிச்சமுள்ள குட்வில் 300 கோடிக்கு 15 சதவீதம். வரிப் பொறுப்பை எளிமைக்காக விட்டுவிடுவோம். எல்லாம் கூட்டினால் 14, 18, 33, 45 என்று 110 கோடி. ஆயிரம் கோடிக்கு 110 என்றால் 11 சதவீதம். வாங்கியவர் எதிர்பார்த்த விகிதத்தோடு இது ஒத்துப்போகிறது. இப்போது பெயருக்கு 100 கோடி மட்டும் கொடுத்து, குட்வில்லை 500 கோடி ஆக்கிவிட்டால் கூட்டுத்தொகை 118 கோடி, விகிதம் 11.8. எங்கோ ஒரு சொத்துக்குக் குறைவாகப் போட்டு, மிச்சத்தைக் குட்வில்லில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதற்கு இது அடையாளம். இந்தப் பொருத்தத்தையே சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குட்வில்லின் 15ஐ 13.4 ஆக மாற்றினால் தவறான பகிர்வும் 11க்கே வந்துவிடும். மதிப்பீட்டாளர் அறிக்கையில் குட்வில்லின் விகிதம் பெயரின் விகிதத்துக்கு மிக அருகில் வந்திருந்தால், விடையைத் தெரிந்துகொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று சந்தேகிக்கலாம்.

வாடிக்கையாளர் உறவு என்ற சொத்து வேறு வகை. தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் விற்கும் நிறுவனம் போன்றவற்றை வாங்கும்போது இதுவே பெரிய தொகையாகிவிடும். அதன் ஆயுள், ஆண்டுதோறும் எத்தனை வாடிக்கையாளர்கள் விலகுகிறார்கள் என்பதில் இருக்கிறது. நிர்வாகம் ஆண்டுக்கு 5 சதவீதம் என்று சொன்னால், ஆடிட்டர் ஐந்தாண்டு விற்பனைப் பதிவேட்டை எடுத்து, முதலாண்டில் வாங்கியவர்களில் யார் யார் ஐந்தாம் ஆண்டிலும் வாங்கினார்கள் என்று தானே எண்ணிப் பார்க்கலாம். தலைகளை எண்ணுவதோடு நிற்காமல் ரூபாயையும் எண்ண வேண்டும். நூறு பேரில் ஐந்து பேர் விலகி, அந்த ஐந்து பேர் விற்பனையில் கால் பங்காக இருந்திருந்தால் கதை வேறு. இந்தத் துறையில் அசலான சான்று கையில் கிடைக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஹார்லிக்ஸுக்குத் திரும்புவோம். அங்கே பெரிய கேள்வி ஆயுள். இந்தப் பெயர்களின் ஆயுளுக்கு எல்லை தெரியவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு; ஆகவே தேய்மானம் இல்லை. பல தலைமுறைகளாக வீட்டுச் சமையலறையில் இருந்துவரும் ஒரு பெயருக்கு இது பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் பழமை மட்டும் போதாது. இந்தப் பானத்தின் சந்தை வளர்கிறதா, சர்க்கரையைப் பற்றிய அச்சம் பெற்றோரிடம் கூடுகிறதா, பெயரைத் தாங்கிப்பிடிக்க ஆண்டுதோறும் விளம்பரத்துக்குச் செலவிடும் திட்டம் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லையற்ற ஆயுள் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, மறுபக்கத்தில் விளம்பரச் செலவைக் குறைத்து லாபத்தைக் கூட்டிக் காட்டும் மதிப்பீடு தன்னோடு தானே முரண்படுகிறது.

அமெரிக்காவில் இந்த முரண் என்ன செய்யும் என்று பார்த்தார்கள். 2015இல் இணைந்து உருவான கிராஃப்ட் ஹைன்ஸ், செலவைக் கடுமையாக வெட்டி லாப விகிதத்தை உயர்த்துவதில் பெயர் பெற்றது. இணைப்பில் வந்த பெயர்கள் பெருந்தொகைக்குப் புத்தகத்தில் இருந்தன. 2019 பிப்ரவரியில், குட்வில்லிலும் கிராஃப்ட், ஆஸ்கார் மேயர் ஆகிய பெயர்களிலுமாக 15.4 பில்லியன் டாலர் மதிப்பு போய்விட்டதாக அந்த நிறுவனம் அறிவித்தது. மறுநாள் பங்கின் விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. வாடிக்கையாளரின் விருப்பம் மாறியது ஒரே நாளில் நடந்திருக்க முடியாது. கணக்கில் தெரிந்ததுதான் ஒரே நாளில்.

யூனிலீவரின் இணைப்பு நாளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழு ஊரடங்கில் இருந்தது. அது தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. விலை பேசியபோது எழுதப்பட்ட எதிர்கால மதிப்பீடுகளில் கொரோனா இல்லை. மதிப்பிட வேண்டிய நாளிலோ கடைகள் பாதி மூடியிருந்தன. இப்படிப்பட்ட நிலையில், மதிப்பீடுகள் எந்தத் தேதியில் தயாரிக்கப்பட்டவை என்று ஆடிட்டர் முதலில் கேட்க வேண்டும். தரநிலை ஓராண்டு வரை பகிர்வைத் திருத்த அவகாசம் தருகிறது. ஆனால் வாங்கிய நாளில் இருந்த நிலவரத்தைப் பற்றிப் பின்னால் கிடைத்த தகவலுக்காக மட்டும்தான் திருத்தலாம். வாங்கிய பிறகு நடந்த ஒன்றுக்காகத் திருத்தக் கூடாது. ஏப்ரல் 1 அன்றே இருந்த ஒரு வழக்கு பற்றி ஆகஸ்டில் தெரியவந்தால் பகிர்வுக்குள் போகும். ஆகஸ்டில் ஒரு பெரிய விநியோகஸ்தர் விலகினால் அது அந்த ஆண்டின் லாபநட்டக் கணக்கைத்தான் தொட வேண்டும். இரண்டாவது வகை நஷ்டத்தை முதல் வகையாகக் காட்டிக் குட்வில்லில் புதைக்கும் ஆசை நிர்வாகங்களுக்கு வரும். ஓராண்டு முடியும் தறுவாயில் வரும் திருத்தங்களை ஆடிட்டர் ஒவ்வொன்றாக, அதற்கான ஆவணத்தின் தேதியோடு பார்ப்பது அதனால்தான்.

இத்தனையும் செய்த பிறகும் தணிக்கையால் எட்ட முடியாத ஓர் இடம் இருக்கிறது. வாங்கிய தொழிலைத் தன் பெரிய தொழிலோடு கலந்துவிட்ட நிறுவனம், குட்வில்லின் மதிப்பிழப்பைக் கலந்த மொத்தத்துக்குத்தான் சோதிக்கும். வாங்கியவரின் பழைய தொழிலுக்கும் மிகப் பெரிய மதிப்பு உண்டு. தானே வளர்த்தது என்பதால் அது புத்தகத்தில் எழுதப்படுவதில்லை. புதிதாக வாங்கியது சறுக்கினாலும், பழைய தொழிலின் எழுதப்படாத மதிப்பு அதைத் தாங்கிப் பிடித்துவிடும். சோதனை தேறிவிடும். விதிப்படி இது சரி. பங்குதாரருக்கு அது நியாயமான செய்தி அல்ல. சர்வதேசக் கணக்கீட்டுத் தரநிலை வாரியம் இந்தக் குறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. குட்வில்லுக்கு மீண்டும் தேய்மானம் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தது. அதற்குப் பதிலாக 2024 மார்ச்சில் வேறொரு யோசனையை முன்வைத்தது. பெரிய நிறுவனக் கொள்முதல் ஒவ்வொன்றிலும், என்ன நோக்கத்தோடு, என்ன இலக்கோடு வாங்கினோம் என்பதை முதலாண்டிலேயே எழுத வேண்டும். அடுத்த ஆண்டுகளில் அந்த இலக்கு எட்டப்படுகிறதா என்றும் சொல்ல வேண்டும்.

இந்த யோசனை விதியாக வந்தால், இயக்குநர் குழுவின் அறைக்குள் மட்டும் இருந்த அந்தக் குறிப்பின் சாரம் பங்குதாரர் கைக்கும் வரும். அதுவரை ஆண்டறிக்கையில் பார்க்கத்தக்க இடங்கள் இரண்டு. நிறுவன இணைப்பு பற்றிய குறிப்பில் பகிர்வின் பட்டியல் இருக்கும். ஆடிட்டர் அறிக்கையில் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதி இருக்கும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கை அறிக்கையில் அது கட்டாயம். கொள்முதல் நடந்த ஆண்டில் அந்தப் பகுதியைப் படிப்பவர், ஆடிட்டர் எந்த எண்களை எதோடு ஒப்பிட்டார் என்று எழுதியிருக்கிறாரா, அல்லது நிர்வாகத்தின் அனுமானங்களைப் பரிசீலித்தோம் என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டாரா என்பதைக் கவனிக்கலாம்.